பைலட் ஸ்டடில 10 பேர், ஒருத்தர்கூட டிராப் ஆகல, இப்ப பேயீசியனா ஃப்ரீக்வென்டிஸ்டா?

கயல்:
6 வார பைலட், 10 பேர், யாருமே பாதியில விலகல. மெயின் ஸ்டடில 60 பேர் முடிக்கணும், அப்ப எத்தனை பேரை சேர்க்கணும்னு கணக்கு போட டிராப்அவுட் ரேட் வேணும். வழக்கமான ஃபார்முலால போட்டா இன்டர்வல் 0 முதல் 0 வரைக்கும்னு வருது, இது அபத்தம்னு எனக்கே தெரியுது. கைடு பேயீசியன் பண்ணுங்கறாங்க. பண்ணினா சரியாகிடுமா?

சிவா_88:
கண்டிப்பா பேயீசியன் தான். சாம்பிள் சின்னதா இருந்தா ஃப்ரீக்வென்டிஸ்ட் வேலைக்கே ஆகாது, பேயீசியனுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

மாறன்:
சிவா சொல்றதுல பாதி தான் சரி. இங்க சொதப்புனது வால்டு ஃபார்முலா, 0 பேர்னு போட்டதும் அதோட ஸ்டாண்டர்ட் எரரும் 0 ஆகிடும். அதுக்காக ஃப்ரீக்வென்டிஸ்ட்டையே தூக்கிப் போட வேணாம், எக்ஸாக்ட் இன்டர்வல் இருக்கே. ரெண்டையும் ஓட்டிப் பாருங்க:

```r
binom.test(0, 10)$conf.int
qbeta(c(.025, .975), 1, 11)
qbeta(.975, 2, 28)
```

முதல் வரில மேல் எல்லை 31% வரும். ரெண்டாவது, 0 முதல் 1 வரை எல்லா ரேட்டும் சமம்னு வச்ச ஃப்ளாட் ப்ரையர், அதுல 28%. பெரிய வித்தியாசம் இல்ல பாருங்க. மூணாவதுல பீட்டா(2,18) ப்ரையர், அதாவது ஏற்கனவே 20 பேரைப் பார்த்து அதுல 2 பேர் விலகுன மாதிரி வச்சுக்கறோம், மேல் எல்லை சட்டுனு 18%க்கு இறங்குது. ஆனா உங்க டேட்டா 10 பேர், ப்ரையர் 20 பேர் கனம், அப்ப இந்த 18%ல பேசறது பெரும்பாலும் ப்ரையர் தான்.

மேல் எல்லையை வச்சு சேர்க்கணும்னா 87, 84, 73 பேர்.

தேன்மொழி:
என்னோடதுல 8 பேர், முன்னாடி பின்னாடி ஸ்கோர், p 0.09. பேயீசியன் போட்டா சிக்னிஃபிகன்ட் ஆகுமா?

மாறன்:
அது வேற கேள்விங்க, கயல் கேக்கறது ஒரு ரேட்டை எஸ்டிமேட் பண்றதப் பத்தி. அதோட, ரிசல்ட் பார்த்துட்டு மெத்தட் மாத்துறது ரெண்டு பக்கமும் தப்பு தான்.

கயல்:
அந்த 73 தான் பட்ஜெட்டுக்கு ஒத்து வருது 😅 பழைய ஸ்டடி ஒண்ணு இருக்கு, 20 பேர்ல 2 பேர் விலகினாங்க, ஆனா அதுல கலந்துக்க பணம் குடுத்தாங்க, நாங்க குடுக்கல. அதை ப்ரையரா வைக்கலாமா?

மாறன்:
முழுசா வைக்காதீங்க, பணம் குடுத்தா ஆளுங்க நிப்பாங்க. பாதி கனம், பீட்டா(1,9)னு குறைச்சு வைக்கலாம், ஆனா ஏன் பாதி, ஏன் கால் இல்லனு ரிவ்யூவர் கேட்டா என்கிட்டயே உறுதியான பதில் இல்ல. ஃப்ளாட்டையும் சேர்த்து ரெண்டும் ரிப்போர்ட் பண்ணுங்க. மெயின் ஸ்டடியும் 6 வாரம் தானே?

கயல்:
இல்ல, 6 மாசம்.

மாறன்:
ஐயோ. அப்ப 6 வாரத்துக்கு அப்புறம் எத்தனை பேர் போவாங்கன்னு இந்த 10 பேர் டேட்டால எதுவுமே இல்ல, எந்த மெத்தட் போட்டாலும் அது வராது.