ஓவுலேஷன் கிட்டில் இரண்டு கோடு வந்த நாளில் வீட்டில் பேச்சு நின்றுபோகிறது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வைகறை (ஈரோடு):
எங்களுக்குத் திருமணமாகி இரண்டாம் ஆண்டு நடக்கிறது. குழந்தைக்கு முயன்று வருகிறோம். எனக்கு மாதவிடாய் 32 முதல் 34 நாள்களுக்கு ஒருமுறை வரும். கைப்பேசிச் செயலி 14ஆம் நாளைச் சிவப்பாகக் காட்டியதால், 13, 14, 15 ஆகிய மூன்று நாள்களும் தவறாமல் சேர்வது என்று முடிவுசெய்து சில மாதங்கள் அப்படியே செய்தோம். பிறகு ஒரு தோழி சொல்லி, கருமுட்டை வெளியாகும் நாளைக் காட்டும் ஓவுலேஷன் கிட் வாங்கினேன். அதில் இரண்டு கோடும் 17 அல்லது 18ஆம் நாளில்தான் அழுத்தமாகத் தெரிந்தன. அன்று மாலை கணவருக்கு “இன்றைக்குத்தான் நாள்” என்று செய்தி அனுப்புவேன். அவர் மில்லில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர். அனுமதி கேட்டுச் சீக்கிரம் வந்துவிடுவார். ஆனால் வந்த பிறகு அவரால் முடியாமல் போய்விடும். மற்ற நாள்களில் அவருக்கு அப்படி எந்தச் சிரமமும் இருந்ததில்லை. மறுநாள் காலையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காப்பி குடிக்கிறோம். இதைக் கடந்து வந்தவர்கள் உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைக்கோட்டை:
சகோதரிக்கு என் கருத்து. எங்கள் காலத்தில் கிட் எல்லாம் கிடையாது. தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணி, பதினான்காம் நாள்தான் கணக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு வாரமோ பத்து நாளோ விலகி இருந்தால் விந்து சேர்ந்து வலிமை பெறும் என்பதும் அனுபவத்தில் சொன்னதுதான். தினமும் சேர்ந்தால் சத்து குறைந்துவிடும். உங்கள் கணவர் களைப்பில் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

செவ்வந்தி (குழந்தையின்மைச் சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் செவிலியர்):
மலைக்கோட்டை ஐயா சொல்வதில் பாதி சரி. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவர்களுக்குப் பதினான்காம் நாள் ஏறக்குறைய பொருந்தும். அவர்களுக்கும்கூட அது மாதத்துக்கு மாதம் நகரும். பெரும்பாலானோருக்குக் கருமுட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள இடைவெளிதான் சுமார் இரண்டு வாரமாக ஓரளவு நிலையாக இருக்கிறது. ஆகவே எண்ண வேண்டியது பின்னாலிருந்து. வைகறைக்கு அது 18 முதல் 20ஆம் நாளுக்குள் விழும். அப்படியானால் 13 முதல் 15 வரை மூச்சுவிடாமல் முயன்றுவிட்டு, களைப்பில் 15ஆம் நாளோடு நிறுத்தியபோது, வாய்ப்பு மிகுந்த 17, 18ஆம் நாள்கள் கைவிட்டுப் போயிருக்கின்றன.

அமெரிக்காவின் வட கரோலினாவில் குழந்தைக்கு முயன்ற 221 பெண்களைப் பின்தொடர்ந்து 1995இல் வெளியான ஆய்வில், கருமுட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும் சேர்ந்த ஆறு நாள்களில் நிகழ்ந்த உறவில்தான் கருத்தரிப்பு ஏற்பட்டது. முட்டை வெளியான மறுநாள் சேர்ந்தவர்களுக்குப் பலன் இல்லை. முட்டை ஒரு நாள்கூட முழுதாக உயிர்த்திருப்பதில்லை. விந்தணுவோ, வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கருபோல் வழுவழுப்பாக இழுபடும் நாள்களில், மூன்று முதல் ஐந்து நாள் வரை உள்ளே காத்திருக்கும். எனவே முன்கூட்டியே சேர்வது வீணல்ல, அதுதான் பயனுள்ளது.

இதிலிருந்து வைகறைக்கு ஒரு விஷயம் தெளிவாகும். கிட்டில் கோடு அழுத்தமாவது, முட்டை இன்னும் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாளில் வெளியாகலாம் என்பதற்கான அறிகுறி. கோடு வருவதற்கு முந்தைய நாளோ அதற்கு முந்தைய நாளோ நீங்கள் சேர்ந்திருந்தால், கோடு வந்த இரவு எதுவும் நடக்காவிட்டாலும் அந்த மாதம் போய்விடவில்லை. அந்த ஒரே இரவில் எல்லாவற்றையும் ஏற்றி வைப்பதுதான் உங்கள் கணவரை முடக்குகிறது. 12ஆம் நாள் தொடங்கி 12, 14, 16, 18, 20 என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். அதில் ஒன்று தவறினாலும் அடுத்தது தாங்கும். தினமும் சேர்ந்தவர்களுக்கு மாதத்துக்குச் சுமார் 37 விழுக்காடும், ஒரு நாள் விட்டுச் சேர்ந்தவர்களுக்கு 33 விழுக்காடும் வாய்ப்பு என்றும், வாரம் ஒருமுறை என்றால் அது 15 ஆகக் குறைந்தது என்றும் மேற்சொன்ன ஆய்விலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்து நாள் விலகி இருப்பதோ எதிர்மறையானது: எண்ணிக்கை கூடலாம், ஆனால் பழைய அணுக்கள் சேர்ந்து நீந்தும் வேகம் குறையும்.

நிலாமுற்றம்:
எனக்குப் பிசிஓடி. கிட்டில் ஒரு வாரம் முழுக்க இரண்டு கோடு வருகிறது. அப்படியானால் வாரம் முழுக்க முட்டை வெளியாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

செவ்வந்தி:
எடுத்துக்கொள்ள முடியாது. பிசிஓடி உள்ள சிலருக்கு, கிட் கண்டறியும் ஹார்மோன் எப்போதும் சற்று மேலேயே இருப்பதால் கிட் ஏமாற்றும். உங்களுக்கு முட்டை வளர்வதைக் காட்டும் ஃபாலிக்குலர் ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்வதே பொருத்தம்; இங்கே வைகறைக்குச் சொன்ன கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு கணவர்:
மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஸ்கேன் பார்த்து, முட்டை வெளியாவதற்கான ஊசி போட்டு, “இன்றும் நாளையும் சேருங்கள்” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அன்று என் மாமியார் ஊரிலிருந்து வந்து கூடத்தில் படுத்திருந்தார். அவருக்கும் ஊசி விஷயம் தெரியும். அன்றிரவு என்னால் முடியவில்லை. மனைவி மீது அன்பு குறைந்துவிட்டதா என்று அவளும், எனக்கு ஏதோ குறை வந்துவிட்டதா என்று நானும் தனித்தனியாகக் கவலைப்பட்டோம். நாள் தெரியாமல் இருந்தால் எனக்கு எளிதாக இருக்கும் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளே கணக்கை வைத்துக்கொண்டாள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

செங்காந்தள்:
மன்னிக்கவும், அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தவர் உங்கள் மனைவி என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் அப்படி நாளை மறைத்து வைத்திருந்தேன். நாள் நெருங்கும்போது வேண்டுமென்றே சிரித்துப் பேசி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, உள்ளுக்குள் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நடிப்பாகவே ஆகிவிட்டது. தேதியைச் சொன்னாலும் சுமை, மறைத்தாலும் சுமை. நாங்கள் கடைசியில் வாரத்தில் இரண்டு மூன்று முறை, மாதம் முழுவதும், என்று பொதுவாக வைத்துக்கொண்டு கிட்டை நிறுத்தினோம். பலனைவிட முதலில் சண்டை குறைந்தது.

செவ்வந்தி:
அது மருத்துவ ரீதியாகவும் ஏற்கத்தக்க வழிதான். இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டலும் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை என்றுதான் சொல்கிறது. ஆனால் ஊசி போட்ட மாதத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அப்போது குறித்த நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. அன்றும் முடியாவிட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், நிறையப் பேருக்கு இது நடக்கிறது. தேதியைக் கணவருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் எனக்கு ஒரே பதில் கிடையாது. இரண்டு விதமும் நன்றாக நடந்த தம்பதிகளையும் நடக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடலோரம் (கீழக்கரை):
ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதுபவர்களுக்கு என் நிலை புரியாது. கணவர் துபாயிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை முப்பது நாள் விடுப்பில் வருகிறார். சென்ற முறை அவர் இறங்கிய அன்றே எனக்கு மாதவிடாய் தொடங்கிவிட்டது, நல்லவேளையாக. அதற்கு முந்தைய முறை அவர் வந்தபோது நாள் முடிந்திருந்தது, அடுத்த நாள்கள் வருவதற்குள் டிக்கெட் போட்ட தேதி வந்துவிட்டது. மாமியார் வீட்டில் விருந்துகள் வேறு. எங்களைப் போன்றவர்களுக்கு எண்ணாமல் இருக்க முடியுமா?

செவ்வந்தி:
உங்களுக்கு எண்ணத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. டிக்கெட் எடுக்கும் முன் கடைசி ஆறு மாதங்களின் மாதவிடாய்த் தேதிகளைப் பாருங்கள். அடுத்த மாதவிடாய் தொடங்கி ஐந்தாறு நாளில் அவர் இறங்கினால், பயணக் களைப்பு போன பின்னும் ஆறு நாள் மிச்சம் இருக்கும். விருந்துகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால், அடுத்த விடுப்புவரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரைப் பாருங்கள். இருவரும் சேர்ந்திருக்கிற மாதங்களைத்தானே முயற்சியாகக் கணக்கிட முடியும், காலண்டர் ஆண்டை அல்ல.

வைகறை:
நன்றி. கிட்டை இந்த மாதம் பெட்டியில் வைத்துவிட்டேன். 12ஆம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கணவரிடம் சொன்னபோது, “அப்படியென்றால் செய்தி வராதா?” என்று கேட்டார். வராது என்றேன். ஷிஃப்டை மாற்றிக் கேட்டிருக்கிறார். கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் காலையில் அவர் திரும்பி வரும் நேரம் நான் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன், அதற்கு என்ன செய்வது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.