புதுப்பிப்பு: பார் மேலாண்மைத் தேர்வுக் கணக்கில் 26.25 ஏன் தப்பு?

முன்பு கேட்டது: "தொடக்க இருப்பு 2,40,000, கொள்முதல் 1,80,000, இறுதி இருப்பு 2,10,000, விற்பனை 8,00,000. போர் காஸ்ட், அதாவது விற்பனையில் சரக்குச் செலவின் பங்கு, எனக்கு 26.25% வருகிறது, விடைத்தாளில் 25.5%. எங்கே தப்பு?"

விடை கிடைத்துவிட்டது. ஹோட்டலில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் சொன்னபடி கேள்வியின் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். பாரிலிருந்து சமையலறைக்குப் போன ரம், ஒயின் 6,000 ரூபாய். கேக்குக்குப் போனதை பாரின் செலவில் எழுதக்கூடாது. தொடக்க இருப்பையும் கொள்முதலையும் கூட்டி இறுதி இருப்பைக் கழித்தால் செலவும் 2,10,000தான்; அதில் இந்த 6,000-ஐக் கழித்தால் 2,04,000. எட்டு லட்சத்தால் வகுத்தால் சரியாக 25.5. அசட்டுத்தனம்தான்!

"பார்டெண்டர் கூடுதலாக ஊற்றுகிறார்" என்ற நண்பர் பாதி சரி. இந்தக் கணக்குக்கு அது பொருந்தாது, ஆனால் அடுத்த கேள்வியே அதுதான். 750 மில்லி பாட்டில் 1,500 ரூபாய், 30 மில்லி பெக் 300 ரூபாய். அளந்து ஊற்றினால் 25 பெக், போர் காஸ்ட் 20%. கண்ணளவில் 35 மில்லி விழுந்தால் 21 பெக்தான் தேறும், 23.8% ஆகிவிடும். பில்லில் உள்ள பெக்குகளையும் காலி பாட்டில்களையும் ஒப்பிட்டால் இது பிடிபடும்.

இன்னொருவர் தன் கடை லைசென்ஸ் கட்டணத்தை எதில் சேர்ப்பது என்றார். அது சரக்கின் விலை இல்லையே, இங்கே வராது.

இலவசமாகக் கொடுத்த டிரிங்கைக் கழிக்க வேண்டுமா? அண்ணன் கழிப்பாராம், எங்கள் சார் வேண்டாம் என்கிறார். அது இன்னும் தீரவில்லை.