ஃபோன்டான் சுற்றோட்டத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி:
பெற்றோருக்கான கையேடு ஒன்றில் ‘ஒற்றைக் கீழறைச் சுற்றோட்டம்’ என்று போட்டிருக்கிறேன். பிறவியிலேயே இதயத்தில் ஒரு கீழறை மட்டும் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றியது. சரியாக இருக்கிறதா?

மருத்துவர் இளங்கோ:
அது நோயின் பெயராகிவிடும். அந்தக் குழந்தைக்குப் பிறந்த அன்றும் ஒற்றைக் கீழறைதான், கட்டங்கட்டமாகச் செய்யும் மூன்று அறுவைகளும் முடிந்த பிறகும் ஒற்றைக் கீழறைதான். ஃபோன்டான் எனப்படும் மூன்றாவதுக்குப் பிறகு என்ன மாறுகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். உடலிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தம் இதயத்துக்குள் நுழையாமல் நேரே நுரையீரல் தமனிக்குப் போகிறது. அதைத் தள்ள எந்த அறையும் இல்லை. சிரை அழுத்தமே தள்ளுகிறது. இருக்கும் ஒரே கீழறை, நுரையீரலிலிருந்து வரும் சுத்த ரத்தத்தை உடலுக்கு அனுப்புவதோடு சரி. என் பரிந்துரை ‘சிரையுந்து சுற்றோட்டம்’.

கதிர்:
எந்த அறையும் தள்ளுவதில்லை என்பது சரியா? வலது மேலறையை நுரையீரல் தமனியோடு இணைத்து, அதையே எக்கியாக்குவதுதான் ஃபோன்டான் முறை என்று படித்தேன். ‘மேலறையுந்து’ என்றல்லவா வரும்?

இளங்கோ:
நீங்கள் படித்தது பழைய வடிவம். பிரான்சிஸ் ஃபோன்டான் 1968-ல் போர்தோவில் முதலில் செய்தபோது நோக்கம் அதுதான். 1971-ல் வெளியான கட்டுரையும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த மேலறை உந்தியது சொற்பம். காலப்போக்கில் அது வீங்கி, உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியானது, துடிப்பின் தாளமும் கெட்டது. அதனால் இப்போது மேலறையைத் தவிர்த்து, கீழ்ப்பெருஞ்சிரையை இதயத்துக்கு வெளியே 18 அல்லது 20 மில்லிமீட்டர் குழாய் வழியாக நுரையீரல் தமனியோடு சேர்க்கிறார்கள். குழாய் குழந்தையோடு வளராது. அதனால்தான் முதலிலேயே பெரியவர்களுக்குப் போதுமான அளவில் வைப்பது.

செல்வி:
இவ்வளவுதான் என்றால் பிறந்தவுடனேயே செய்துவிடலாமே, மூன்று கட்டம் எதற்கு?

இளங்கோ:
பச்சிளங்குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகியிருக்கும். சிரை அழுத்தம் மட்டும் அவற்றினூடே ரத்தத்தைத் தள்ளாது. ஆகவே முதல் கட்டத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தை அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். குறைவாகப் போனால் உடலுக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு குழாய் இணைப்பு. மிகுதியாகப் போனால் நுரையீரல் தமனியைச் சுற்றி ஒரு பட்டை. இந்தக் கட்டத்தில் கீழறை உடலுக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து உழைக்கிறது, நீண்டால் வீங்கிப்போகும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் நுரையீரல் எதிர்ப்பு இறங்கியதும் மேற்பெருஞ்சிரையை நுரையீரல் தமனியில் இணைத்து, முன்பு வைத்த குழாயை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் கீழ்ப்பெருஞ்சிரையும் சேர்கிறது.

ரேவதி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இரண்டாவது முடிந்துவிட்டது. விரல்நுனிக் கருவி ஆக்சிஜன் செறிவு 82 என்று காட்டுகிறது. இணைப்பு அடைத்துவிட்டதா?

இளங்கோ:
அம்மா, இரண்டாம் கட்டத்துக்குப் பின் 75 முதல் 85 வரை எதிர்பார்ப்பதுதான். உடலின் கீழ்ப்பாதியிலிருந்து வரும் அசுத்த ரத்தம் இன்னும் இதயத்தில் கலக்கிறது. மூன்றாவதுக்குப் பிறகுதான் 90-ஐ ஒட்டி ஏறும். வழக்கமான எண்ணைவிடக் குறைந்துகொண்டே வந்தாலோ முகமும் கழுத்தும் வீங்கினாலோ உடனே அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கதிர்:
‘சிரையுந்து’ என்றால் சிரை சுருங்கித் தள்ளுகிறது என்று மாணவர் நினைப்பாரே?

இளங்கோ:
நியாயமான ஐயம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குழாயில் அழுத்தம் 13 மில்லிமீட்டர் பாதரசம், சுத்த ரத்தம் வந்து சேரும் மேலறையில் 7 என்று வையுங்கள். ரத்தத்தை நகர்த்துவது இடையிலுள்ள 6 மட்டுமே. கீழறையின் வால்வு ஒழுகி மேலறை அழுத்தம் 12 ஆனால், அதே ஓட்டத்துக்குச் சிரையில் 18 வேண்டும். அந்த அழுத்தம் கல்லீரலிலும் குடலிலும் போய் நிற்கும். வயிற்றில் நீர் கோக்கும், குடல் வழியாகப் புரதம் கசியும். வயிற்றுப்போக்கில் உடல்நீர் வற்றினால் நேரெதிராக, தள்ளும் அழுத்தமே போய்விடும். மூச்சை உள்ளிழுக்கையில் ஓட்டம் கூடும். செயற்கைச் சுவாசக் கருவி காற்றை அழுத்தித் தருவதால் ஓட்டத்தைக் குறைக்கும். அறுவை முடிந்ததும் கருவியைச் சீக்கிரம் அகற்றப் பார்ப்பது அதனால்தான்.

செல்வி:
அப்படியானால் ‘எக்கியிலா நுரையீரலோட்டம்’ தேவலை என்று தோன்றுகிறது. எதனால் ஓடுகிறது என்று சொல் வாக்குக் கொடுக்கவில்லை.

கதிர்:
நீளம். மருத்துவமனைச் சீட்டில் எழுதுபவர்கள் ‘ஃபோன்டான்’ என்றே போடுவார்கள்.

இளங்கோ:
போடட்டும், பெற்றோருக்கும் அந்தப் பெயர் காதில் விழுந்தாக வேண்டும். தலைப்பில் ஃபோன்டான் சுற்றோட்டம், விளக்கத்தில் செல்வி சொன்னது. ‘சிரையுந்து’ சொல்லை நான் இன்னும் கைவிடவில்லை. அடுத்து, குழாய்க்கும் மேலறைக்கும் இடையே சிலருக்கு விடும் நான்கு மில்லிமீட்டர் துளைக்குப் பெயர் வேண்டும். நுரையீரல் எதிர்ப்பு கூடினால் கொஞ்சம் அசுத்த ரத்தம் அதன் வழியே தப்பி, சிரை அழுத்தத்தைத் தணிக்கும். ஆக்சிஜன் செறிவு சற்று இறங்குவது அதற்கான விலை. ‘சாளரம்’ எனலாமா, ‘வடிதுளை’ எனலாமா?