45(5ஏ): சான்றிதழ் வருவதற்கு முன் ஒரு வீட்டை விற்றால் எந்த ஆண்டில் வரி?

மடிப்பாக்கத்தான்:
அப்பாவின் மனையை 2021 ஆகஸ்டில், பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் போட்டு பில்டரிடம் ஒப்படைத்தோம். எங்கள் பங்கு மூன்று வீடுகளும் 20 லட்சம் ரூபாயும். 2024 மார்ச்சில் ஒரு வீட்டை விற்றோம். பணி நிறைவுச் சான்றிதழ் 2025 ஜனவரியில்தான் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து 2024-25 கணக்கில் காட்டினோம். இப்போது 2023-24 ஆண்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. வருமான வரிச் சட்டம் 1961-இன் 45(5ஏ) உட்பிரிவை எத்தனை முறை படித்தாலும் புரியவில்லை. எந்த ஆண்டு சரி?

கணக்கப்பிள்ளை:
இதில் குழப்பமே இல்லை. உட்பிரிவு 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று தொடங்குகிறது. சட்டத்தில் வேறு எங்கே எது இருந்தாலும் இதுதான் செல்லும் என்று பொருள். ஆகவே 2021-ஐ மறந்துவிடுங்கள். சான்றிதழ் வந்த நாள்தான் சொத்து கைமாறிய நாள். அது 2024 ஜூலை 23-க்குப் பிறகு என்பதால் புதிய 12.5 சதவீதம். கீழே உள்ள ப்ரொவைசோ, அதாவது விதிவிலக்குப் பத்தி, உங்களைப் பிடித்தால் மட்டும் எல்லாம் 2023-24-க்குப் போய்விடும்.

திருவல்லிக்கேணி ஆடிட்டர்:
பாதி சரி, கணக்கப்பிள்ளை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'உட்பிரிவு (1)-இல் எது இருந்தாலும்' என்று மட்டுமே இருக்கிறது. சட்டம் முழுவதையும் மீற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்துக்கு அதை எழுதத் தெரியும். 115ஜேபி பிரிவில் 'இந்தச் சட்டத்தின் வேறு எந்தப் பிரிவில் எது இருந்தாலும்' என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை.

உட்பிரிவு (1) என்ன சொல்கிறது? சொத்து கைமாறிய ஆண்டிலேயே லாபத்துக்கு வரி என்கிறது. 45(5ஏ) மீறுவது அந்த ஒன்றைத்தான். வரி விதிக்கும் ஆண்டு சான்றிதழ் வந்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. சொத்து கைமாறிய நாள் தள்ளிப்போகவில்லை. மனையை 2021-இலேயே பில்டர் கையில் கொடுத்தாகிவிட்டது.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல, தம்பி. ஒரு வீட்டையும் விற்கவில்லை என்று வைத்துக்கொண்டு முதலில் கணக்குப் போடுவோம். சான்றிதழ் தேதியில் மூன்று வீடுகளின் வழிகாட்டி மதிப்பு 1.8 கோடி, ரொக்கம் 20 லட்சம், ஆக 2 கோடி. 2001 ஏப்ரல் மதிப்பு 12 லட்சம் என்று கொள்வோம். கைமாறியது 2021-22 என்றால் அந்த ஆண்டின் பணவீக்கக் குறியீடு 317. அடக்க விலை 38.04 லட்சமாகும். மீதிக்கு 20 சதவீதம் போட்டால் வரி ஏறக்குறைய 32.39 லட்சம். கணக்கப்பிள்ளை சொல்வதுபோல் 12.5 சதவீதம் என்றால் குறியீடு கிடையாது, 1.88 கோடிக்கு 23.5 லட்சம். செஸ், சர்சார்ஜ் சேர்க்காமலே கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் வித்தியாசம். 112-ஆம் பிரிவு 'கைமாற்றம் நடந்த' தேதியைத்தான் கேட்கிறது. வரி விதிக்கும் ஆண்டைக் கேட்கவில்லை.

கணக்கப்பிள்ளை:
என் வாடிக்கையாளர்கள் இருவருக்கு 12.5 போட்டுத்தான் தாக்கல் செய்தேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

திருவல்லிக்கேணி ஆடிட்டர்:
கேட்காமல் இருப்பது தீர்ப்பு ஆகாது.

மேட்டூர்க்காரர்:
எங்கள் வீட்டிலும் இதே கதை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பில்டரிடம் கொடுத்தோம். பதிவு செய்யவில்லை. எங்களுக்கும் சான்றிதழ் வந்த பிறகு வரி கட்டினால் போதும்தானே?

வரிவழக்கு:
உங்களுக்கு இந்த உட்பிரிவே கிடையாது, ஐயா. அடியில் உள்ள விளக்கத்தில், குறிப்பிட்ட ஒப்பந்தம் என்றால் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் என்றே எழுதியிருக்கிறது. அங்கே இருப்பது 'உள்ளடக்கும்' என்ற தளர்வான சொல் அல்ல. 'என்று பொருள்' என்று கதவை அடைக்கும் சொல். நீங்கள் உட்பிரிவு (1)-க்குத் திரும்பிப் போகிறீர்கள். ஆனால் பயப்பட வேண்டாம். பதிவாகாத ஒப்பந்தத்தால் மட்டும் சொத்து கைமாறியதாகாது என்று பல்பீர் சிங் மைனி வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பத்திரங்களை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். தனித் தலைப்பில் கேளுங்கள்.

இனி மடிப்பாக்கத்தாரின் நோட்டீஸ். எல்லோரும் ப்ரொவைசோவை ஓரமாகத் தள்ளிவிட்டீர்கள். வழக்கே அங்கேதான் இருக்கிறது. சான்றிதழ் தேதியிலோ அதற்கு முன்போ 'திட்டத்தில் தன் பங்கை' கைமாற்றினால் இந்த உட்பிரிவு பொருந்தாது, கைமாற்றிய ஆண்டின் வருமானமாகக் கருதப்படும் என்கிறது அது. இவர் கைமாற்றியது தன் பங்கையா, பங்கில் ஒரு பகுதியையா?

திருவல்லிக்கேணி ஆடிட்டர்:
விற்ற அளவுக்கு ப்ரொவைசோ. மூன்றில் ஒன்று 2023-24-க்கு, இரண்டு 2024-25-க்கு. 20 லட்சத்தையும் அதே விகிதத்தில் பிரிக்கலாம். சலுகையை எடுத்துக்கொண்டே இடையில் விற்றுக் காசாக்குபவரைத் தடுக்கத்தான் ப்ரொவைசோ. காசாக்கியது ஒன்றை என்றால் தடையும் ஒன்றுக்குத்தான்.

வரிவழக்கு:
நோக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் வாசகம் இடம் கொடுக்கவில்லை. மேலே இரண்டு வரி ஏறிப் பாருங்கள். 'திட்டம் முழுவதற்கோ ஒரு பகுதிக்கோ' சான்றிதழ் வழங்கப்படும் ஆண்டு என்று இருக்கிறது. பகுதியைச் சொல்ல விரும்பிய இடத்தில் சொல்லிவிட்டார்கள். ப்ரொவைசோவில் சொல்லவில்லை. எனவே முழுப் பங்கையும் விற்றால்தான் அது வேலை செய்யும். மனைக்கான லாபம் முழுவதும் 2024-25-இல்தான். இவர் காட்டியது சரி.

திருவல்லிக்கேணி ஆடிட்டர்:
அப்படியானால் விற்ற வீட்டின் லாபத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள்? அந்த விற்பனை 2024 மார்ச்சில். 49(7)-இன்படி வீட்டின் அடக்க விலை, 45(5ஏ)-இல் கிடைத்ததாகக் கருதப்படும் தொகை. அதுவோ 2025 ஜனவரி வழிகாட்டி மதிப்பைப் பொறுத்தது. மார்ச்சில் அந்த எண் பிறக்கவே இல்லை.

வரிவழக்கு:
சங்கடம்தான், ஒப்புக்கொள்கிறேன். சட்டம் செய்துகொள்ளும் கற்பனையை அதற்குரிய வேலைக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதும் உண்மை. 'டீம்ட்', அதாவது 'கருதப்படும்', என்ற சொல்லுக்கு முன்னால் '48-ஆம் பிரிவின் நோக்கங்களுக்காக' என்று வேலி போட்டிருக்கிறார்கள். அடக்க விலைக்கு அது தானாக நீளாது என்பதால்தான் 49(7)-ஐத் தனியாக எழுத வேண்டியிருந்தது. ஆனால் கணக்கிடுவது கடினம் என்பதற்காக 'பங்கு' என்பதை 'பங்கில் ஒரு பகுதி' என்று படிக்க முடியாது.

கணக்கப்பிள்ளை:
இருவரும் சுற்றி வளைக்கிறீர்கள். ஒரு வீட்டை விற்றாலே ப்ரொவைசோ மொத்தமாக விழுங்கிவிடும். அதிகாரி அப்படித்தான் படித்திருப்பார்.

திருவல்லிக்கேணி ஆடிட்டர்:
அப்படிப் படித்தால், இன்னும் கையில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கும் ஓராண்டு முன்னதாக வரி. அது எந்த வாசகத்தில் இருக்கிறது என்று அவரையே காட்டச் சொல்லலாம்.

மடிப்பாக்கத்தான்:
நோட்டீஸில் மூன்று வீட்டையும்தான் 2023-24-இல் சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்று: 20 லட்சம் காசோலையாக வந்தது. 'ரொக்கம்' என்றுதானே சட்டத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

வரிவழக்கு:
அந்த ஓட்டையை 2023 நிதிச் சட்டம் அடைத்துவிட்டது. காசோலை, டிராஃப்ட், வேறு எந்த வழியானாலும் சேரும். உறவினர் பழைய பதிப்பைப் படித்திருக்கிறார்.

பதிலில் முதல் வாதமாக என்னுடையதையும், அது ஏற்கப்படாவிட்டால் மாற்று வாதமாக ஆடிட்டர் சாருடையதையும் வையுங்கள். ஒரே மனுவில் இரண்டும் வைக்கலாம். விற்ற வீட்டின் கிரயப் பத்திரத்தில் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு எழுதியிருக்கிறது?

மடிப்பாக்கத்தான்:
பத்திரம் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன், சார்.

திருவல்லிக்கேணி ஆடிட்டர்:
மாற்று வாதம் என்று என்னுடையதை இரண்டாவதாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2023-24-இல் அந்த விற்பனையைக் காட்டவே இல்லை என்ற குறை உங்கள் வாதத்தில் அப்படியே நிற்கிறது. என் வழியில் அதை ஒப்புக்கொண்டு, மற்ற இரண்டு வீடுகளைக் காப்பாற்றலாம்.