இத்தாலியன் உரையில் இணைப்பு வாக்கியம்: உதவி தேவை

காரைக்குடியில் இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பற்றி அடுத்த மாதம் பொலோஞ்ஞாவில் 15 நிமிடம் இத்தாலியனில் பேச வேண்டும். முக்கியப் பகுதி ஓரளவு சரளமாக வருகிறது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வாக்கியங்களில்தான் தடுமாறுகிறேன்.

உரையைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தேன். அங்கேதான் வினை. ‘இதுவரை பார்த்தபடி’ என்பதற்கான ‘கோமே அப்பியாமோ விஸ்தோ’வில் ‘ப்ப’ என்பது bb, அதாவது அழுத்தி நிறுத்திச் சொல்லும் b. நம் எழுத்தில் இரட்டித்தாலே வல்லோசைதான், அதனால் என் வாயில் pp வருகிறது. ஒலிப்பதிவைக் கேட்ட இத்தாலிய நண்பருக்கு அந்த இடம் புரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன், ஆங்கில எழுத்துக்கு மாறினேன். மேடை வேகத்தில் மறுபடி pp.

அப்புறம் வாக்கியங்களையே மாற்றத் தொடங்கினேன். ‘வொர்ரெய் ஸொஃபெர்மார்மி’ என்ற நாக்குச் சுளுக்குக்குப் பதில் ‘மி ஃபெர்மோ உன் ஆத்திமோ சு குவெஸ்தோ புந்தோ’, அதாவது இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இது எளிதாக வருகிறது. அதேபோல் ‘அப்பியாமோ’வைத் தவிர்க்க ‘கோமே ஸி எ விஸ்தோ’ என்று வைத்திருக்கிறேன். இலக்கணம் சரி.

இத்தாலியில் படித்தவர்கள் சொல்லுங்கள்: மேடையில் வாய்விட்டுச் சொல்லும்போது ‘கோமே ஸி எ விஸ்தோ’ இயல்பாக இருக்குமா, கட்டுரையை வாசிப்பது போல ஒலிக்குமா?