ஒரே கசிவு, நான்கு பில்: செலவு வரம்பில் நான் கோட்டை விட்ட இடம்

ஈரச்சுவர்

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் தொலைவில் இருக்கிறேன். பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர். வசூலாகும் வாடகையில் நூற்றுக்கு 8 அவருக்கு. செலவு பற்றி ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிதான்: “ஒரு வேலைக்கு மாத வாடகையில் கால் பங்கு வரை உரிமையாளரைக் கேட்காமல் செலவு செய்யலாம்.” நியாயமாகத்தான் பட்டது, கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. போன மாதக் கணக்கைப் பார்த்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைச் சுவருக்குள் குழாய் மூட்டு கசிந்ததைச் சரிசெய்தது 24, தேதி 4. உடைத்த சுவரைப் பூசியது 23, தேதி 9. டைல்ஸ் 24.5, தேதி 14. ஓதம் ஏறிய பக்கத்து அறைக்குப் பெயிண்ட் 22, தேதி 19. ஆக 93.5. அவர் கட்டணம் 8. கடைசி வரியில், “உரிமையாளரிடமிருந்து வரவேண்டியது 1.5”.

போன் செய்தேன். “எல்லாமே 25-க்குள்தானே இருக்கு சார்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பூட்டுசாவி

வரம்பு என்று ஒன்று கொடுப்பதே தப்பு. நான் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். என் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு ஆணி அடித்தாலும் அது மேனேஜர் கைக்காசு. யாரும் என்னிடம் பில் நீட்ட முடியாது.

சாவிக்கொத்து

பதினேழு வருடமாக மேனேஜர் பக்கம் இருப்பவள் நான். பூட்டுசாவி சார் சொல்வது பாதி சரி. உங்களுக்கும் மேனேஜருக்கும் நடுவில் அந்த வரி செல்லும். ஆனால் குழாய் வேலைக்கு வந்த பிளம்பர் உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று நீங்களே ஊரறிய நிறுத்தியவர் கூப்பிட்டார், அவர் வந்தார். கூலியை அவர் உங்களிடமே கேட்கலாம். கொடுத்துவிட்டு மேனேஜரிடம் வசூலிப்பது உங்கள் பாடு. அப்புறம், வரம்பு பூஜ்யமாக இருந்தால் குழாய் வாஷருக்கும் நான் உங்களைத் தேடவேண்டும். நீங்கள் போனை எடுக்கும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஈரச்சுவர் சார், உங்கள் வரியில் இடறுவது “ஒரு வேலை” என்ற சொல்தான். எது ஒரு வேலை என்று அதில் இல்லை. பிளம்பர், கொத்தனார், டைல்ஸ்காரர், பெயிண்டர் நான்கு பேர் என்பதால் நான்கு வேலை என்கிறார் அவர். நான் எழுதும் ஒப்பந்தங்களில் இப்படி இருக்கும்: “ஒரே காரணத்தால் எழும் வேலைகள், எத்தனை பேர் செய்தாலும், எத்தனை பில்லாக வந்தாலும், 30 நாளுக்குள் நடந்தால் ஒரே வேலை.” அதோடு மாதத்துக்கு மொத்தமாக ஒரு உச்சவரம்பு. இரண்டில் எது முதலில் முட்டுகிறதோ, அங்கே நின்று கேட்கவேண்டும். உங்கள் வீட்டில் அது 4-ஆம் தேதியோடு நின்றிருக்கும். 24 ஆகிவிட்டது, பூச்சு வேலைக்கே உங்களுக்கு ஒரு போன் வந்திருக்கும்.

அவசர வேலைக்கு விலக்கு தனியாக வேண்டும். ஆளுக்கு ஆபத்து, நேரமாக ஆகச் சேதம் பெருகுவது, தண்ணீரோ மின்சாரமோ இல்லாமல் போவது, இவ்வளவுதான் அவசரம். விலக்கும் ஆபத்தை நிறுத்தும் வரைக்கும்தான். கசிவை அடைப்பது அவசரம், டைல்ஸ் ஒட்டுவது இல்லை. பில் தேதிகளைப் பாருங்கள்: ஐந்தைந்து நாள் இடைவெளி. கேட்க நேரம் இல்லை என்று அவர் சொல்லவே முடியாது.

மூன்றாம்மாடி

எனக்கும் குளியலறைப் பிரச்சினைதான், ஆனால் நான் குடியிருப்பவன். வெந்நீர் ஹீட்டர் பழுதாகி 11 நாள் பச்சைத் தண்ணீர். மேனேஜரைக் கேட்டால் “ஓனர் ஓகே சொல்லணும்” என்பார், ஓனர் பயணத்தில் இருந்தார். சார், உங்கள் வீட்டில் கசிவுக்கு வாடகைக்காரரைக் குறை சொல்லாதீர்கள், வாடகை ஒழுங்காகத் தருகிறார் அல்லவா?

ஈரச்சுவர்

வாடகைக்காரரை நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. கசிவைச் சொன்னதே அவர்தான்.

சாவிக்கொத்து

இருந்தாலும் மூன்றாம்மாடி சொன்னதில் விஷயம் இருக்கிறது. கேட்கவேண்டும் என்று எழுதினால், எத்தனை நேரத்தில் பதில் வரவேண்டும் என்றும் எழுதவேண்டும். நான் 48 மணிநேரம் போடுவேன். கோட்டேஷனும் படமும் அனுப்பி அதற்குள் பதில் இல்லையென்றால் உரிமையாளர் குறித்துக் கொடுத்த இன்னொருவரைக் கேட்கலாம். அவரும் கிடைக்காவிட்டால் வாடகைக்குக் கொடுத்தவர் செய்தே ஆகவேண்டிய பழுதை மட்டும் செய்யலாம், அழகுக்குச் செய்வதை இல்லை.

வரவுசெலவு

நான் கணக்குப் பார்க்கும் ஆள். வரம்பைவிட எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் கையில் இருப்பது அந்த நாலு பேர் எழுதிய பில்லா, இல்லை மேனேஜர் தட்டச்சு செய்த பட்டியலா?

என்னிடம் வந்த ஒரு கணக்கில் “பழுதுபார்ப்பு 24” என்று இருந்தது. அசல் பில்லை வாங்கிப் பார்த்தால் 20. மேலே 4 ஏறியிருந்தது. கேட்டதற்கு மேற்பார்வைக் கட்டணம் என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. உங்கள் சார்பில் வேலை செய்பவர் உங்களுக்குத் தெரியாமல் நடுவில் லாபம் வைக்கக்கூடாது, வைத்தால் உங்களிடம் ஒப்படைக்க வேண்டியவர். கடைக்காரர் கொடுத்த கழிவுக்கும் இதேதான்.

ஆகவே அறிக்கை பற்றிய பிரிவில் “மாதாமாதம் கணக்குத் தருவார்” என்று மட்டும் இருந்தால் போதாது. தொடக்க இருப்பு, வந்த வாடகை, ஒவ்வொரு செலவுக்கும் அசல் பில்லின் நகல், வேலைக்கு முன்னும் பின்னும் படம், கடைசி இருப்பு, அனுப்பும் தேதி. என்ன செலவு என்பது மாதம் முடிந்து தெரிவதைவிட, வரம்பில் பாதி தாண்டியதும் ஒரு குறுஞ்செய்தி வந்தால் நல்லது.

சாவிக்கொத்து

மேற்பார்வைக் கட்டணத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. நான்கு ஆட்களை நான்கு நாள் நின்று வேலை வாங்குவது 8-க்குள் அடங்குமா? பெரிய வேலைக்கு நான் 10 சதவீதம் வாங்குகிறேன்.

வரவுசெலவு

எழுதி வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை மேடம். ஆனால் செலவு ஏற ஏற வருமானம் ஏறுகிறவர், மலிவான ஆளை எதற்குத் தேடுவார்? மணிக்கணக்கில் வாங்கலாம்.

சாவிக்கொத்து

மணிக்கணக்கு என்றால் “இவ்வளவு மணியா?” என்று அடுத்த சண்டை. இரண்டையும் பார்த்துவிட்டேன்.

பூட்டுசாவி

அப்போ பூஜ்யத்தை நான் மாற்றணுமா? யோசிக்கிறேன். என் மேனேஜர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லையே.

ஈரச்சுவர்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். அசல் பில் கேட்டு எழுதினேன். மூன்று வந்தன. பிளம்பர் பில் 24, பட்டியலில் உள்ளதேதான். பூச்சு, டைல்ஸ் இரண்டும் ஒரே ஆளின் கையெழுத்தில், ஒரே பில் புத்தகத்தில், அடுத்தடுத்த எண்கள். இரண்டிலும் தேதி 9. பட்டியலில் டைல்ஸுக்கு மட்டும் தேதி 14.

பெயிண்ட் பில் இன்னும் வரவில்லை. பெயிண்டர் ஊருக்குப் போயிருக்கிறாராம். சாவிக்கொத்து சொன்ன “ஒரே காரணம்” வரியைச் சேர்த்துத் திருத்த ஒப்பந்தம் அனுப்பினேன். மாத உச்சவரம்பு 40 என்று கேட்டிருக்கிறேன், அவர் 60 கேட்கிறார். அந்த 1.5-ஐ நான் இன்னும் கொடுக்கவில்லை.