சிமெண்ட் மூட்டையில் 43, 53: உங்கள் வீட்டு வேலையில் என்ன நடந்தது?

ஈரோட்டுக்காரன்:
தளம் போட வாங்கிய 53 கிரேடு மூட்டைகள் மிச்சம் இருந்தன. மேற்குச் சுவரின் வெளிப்பூச்சுக்கும் மேஸ்திரி அதையே கலந்துவிட்டார். "நம்பர் கூடினா வலுவும் கூடும், நல்லதுதானே" என்றார். மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கிற சுவர் அது. கொஞ்ச நாளிலேயே சுவர் முழுக்க வலை பின்னியது போல முடி வெடிப்பு. வடக்குச் சுவருக்குச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் போட்டோம், அது நன்றாக இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

லேப் அண்ணாச்சி:
சிமெண்ட் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். அந்த நம்பர் எப்படி வருகிறது என்று சொன்னால் உங்களுக்கே பாதி விளங்கிவிடும். சிமெண்ட் ஒரு பங்கு, எண்ணூர் மணல் மூன்று பங்கு. கலந்து ஏழு சென்டிமீட்டர் சொச்சம் பக்கமுள்ள கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்து, 28ஆம் நாள் மெஷினில் வைத்து நசுக்குவோம். சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டனாவது தாங்க வேண்டும். நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 540 கிலோ. அவ்வளவுதான் அந்த நம்பர். உங்கள் தளமோ சுவரோ அந்த வலுவுக்கு வரும் என்று மூட்டை சொல்லவில்லை.

53 பொதுவாக இன்னும் நைசாக அரைத்த சிமெண்ட். வேகமாக இறுகும், சூடும் அதிகம். மூன்றாம் நாளே 27 நியூட்டன் வந்தாக வேண்டும். 43க்கு 23 போதும். மெல்லிய பூச்சுக்கு இந்த வேகம் தேவையே இல்லை. வெயிலும் சேர்ந்து ஈரத்தை இழுத்தால் சுருங்கி வெடிக்கும். ஆனால் பழி முழுவதையும் சிமெண்ட் மேல் போட முடியாது. எந்த மணல்? பூச்சுக்குக் கான்கிரீட் எம்-சாண்டைப் போட்டார்களா?

ஈரோட்டுக்காரன்:
எம்-சாண்ட்தான், சலித்துப் போட்டார்கள். பூசின அன்றைக்குச் சாக்கு எதுவும் கட்டவில்லை, மறுநாள் சாயங்காலம்தான் தண்ணீர் அடித்தார்கள்.

லேப் அண்ணாச்சி:
அப்படியானால் மூன்றும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

சைட் மாப்பிள்ளை:
இதுக்கு இவ்வளவு பேச்சு எதுக்கு? தூண், பீம், தளத்துக்கு 53. கட்டு வேலை, பூச்சுக்குப் பிபிசி. பிபிசியில் சாம்பல் கலக்கிறான், அதை வைத்துத் தளம் போட்டால் நிற்குமா?

லேப் அண்ணாச்சி:
பூச்சுக்குச் சொன்னது சரி மாப்பிள்ளை, தளத்துக்குச் சொன்னது இல்லை. அனல் மின்நிலையச் சாம்பல் நூற்றுக்கு 35 வரை கலக்கலாம் என்று தரநிலையிலேயே இருக்கிறது. பிபிசியும் 28 நாளில் 33 நியூட்டனாவது காட்ட வேண்டும், அதற்கப்புறமும் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். சாதாரண வீட்டுக்கு எம்20, எம்25 கான்கிரீட்தானே? அதற்குப் பிபிசியே போதும். ஆரம்பத்தில் நிதானமாக இறுகும் என்பதால் சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கக் கூடாது. 43, 53 மாதிரி சாம்பல் கலக்காத ஓபிசி சிமெண்ட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் கட்டினால் இதற்குப் பத்து நாளாவது கட்டணும்.

53 நிஜமாகவே வேண்டிய இடம் வேறே. வார்த்த அச்சை அடுத்த நாளே கழற்றும் தொழிற்சாலை, பாலத்து கர்டர், எம்40க்கு மேல் கேட்கும் உயரமான கட்டடம். ரயில்வே ஸ்லீப்பருக்கென்றே 53-எஸ் என்று தனி வகை இருக்கிறது.

சைட் மாப்பிள்ளை:
பார்ட்டி அவசரப்படுத்தினா சென்ட்ரிங்கைப் பிரிச்சுத்தான் ஆகணும். அதுக்குத்தான் 53ங்கிறேன்.

தஞ்சை அக்கா:
எங்கள் வீட்டில் 53 போட்டுத்தான் தளம் போட்டோம், ஆனாலும் மழைக்கு ஒழுகுகிறது. கம்பெனியை மாற்றியிருக்கணுமோ?

லேப் அண்ணாச்சி:
அக்கா, அது கிரேடு விஷயம் இல்லை. தளம் போடும்போது கலவை இளக்கமாக வரட்டும் என்று ஹோஸைத் திறந்து விட்டார்களா?

தஞ்சை அக்கா:
ஆமாம், ஆள்கள்தான் கேட்டுக் கேட்டு விட்டார்கள்.

லேப் அண்ணாச்சி:
50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணலில் இருக்கிற ஈரமும் இதில் சேர்த்தி. மேலே ஒரு பத்து லிட்டர் வாளி ஊற்றினால் 35 ஆகிவிடும். அந்த உபரித் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்ணிய துளைதான். வலுவும் போச்சு, ஒழுகலும் வந்தாச்சு. பிபிசியை 25 லிட்டரில் கலந்திருந்தாலே இதைவிட நல்ல தளம் கிடைத்திருக்கும்.

ஈரோட்டுக்காரன்:
மேஸ்திரி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, மணல்தான் காரணம் என்கிறார். அந்தப் பூச்சை இப்போது என்ன செய்வது?

லேப் அண்ணாச்சி:
சாவிக்கொத்தால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வருகிற இடத்தில் பூச்சு செங்கலை விட்டிருக்கும், அதைக் கொத்தி எடுத்துத்தான் ஆகணும். கெட்டியாகக் கேட்டால் வெடிப்பு மேலோடு நின்றிருக்கும். வெளிச்சுவர் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடிக்கலாம். மிச்ச மூட்டைகளில் தயாரித்த வாரம் அச்சடித்திருக்கும், அதையும் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் தூண், தளத்துக்கு எடுக்காதீர்கள்.